மூன்று முறை தட்டிய விரல்

"விலைதான் சார் பிரச்சனை" என்று அந்தக் கடைக்காரர் சொல்லாத வாரமே கிடையாது. காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கிறவர். கடலை, நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான் சரக்கு. அவருக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுக்கும் பக்கத்தைப் போட்டுக்கொடுத்தவன் நான். கூடையில் எதையாவது போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களின் பட்டியல் வாரம் ஒரு தடவை அவர் மின்னஞ்சலுக்குப் போகும். அதைப் பார்த்ததும் எனக்கு போன் வரும். "பாருங்க சார், அஞ்சு லிட்டர் கேன் மூணு எடுத்துப் போட்டவங்க பணம் கட்டற இடத்துல ஓடிப்போறாங்க. ஒரு லிட்டர் எடுக்கறவங்க வாங்கிட்டுப் போறாங்க. பெரிய ஆர்டர்காரங்களுக்கு நம்ம விலை கட்டுபடி ஆகலை."

நியாயமான பேச்சாகத்தான் எனக்கும் பட்டது. பத்து சதவீதத் தள்ளுபடிக்கு ஒரு கூப்பன் போட்டோம், கூடைப் பக்கத்தில் அதற்கு ஒரு பெட்டியும் வைத்தோம். இரண்டு மாதம் ஓடியது. வாங்கியவர்களுக்குத் தள்ளுபடி போனதுதான் மிச்சம், போனவர்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். எனக்குள் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் போனாலே அதிகம். பதினைந்து லிட்டர் கடலை எண்ணெயை ஒரே தடவையில் எடுக்க நினைக்கிறவர்கள் யார்? ஹோட்டல்காரர்கள் என்றால் அவர்கள் நேரே கடைக்கே வந்து பேரம் பேசி எடுத்துப் போவார்கள். இவ்வளவு பேர் எங்கிருந்து வருகிறார்கள்?

இதற்குப் பதில் எந்தக் கணக்கிலும் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள், எங்கே நின்றார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் இருக்கிறது. எதற்காக நின்றார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. அதனால் ஐந்து பேரைப் பிடித்து, அவர்கள் என் கண்முன்னால் எண்ணெய் வாங்குவதைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கடைக்காரருக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. "அஞ்சு பேரை வெச்சு என்னங்க தெரியும்? ஐநூறு பேருக்கு வாட்ஸ்அப்ல கேள்வி அனுப்பலாமே" என்றார்.

ஐந்து என்பது எங்கிருந்து வந்தது

அவர் கேட்டது தப்பான கேள்வி இல்லை. இந்த ஐந்து என்ற எண்ணைப் பலரும் மந்திரம் மாதிரி சொல்கிறார்கள், அதன் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்வதில்லை. மக்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் பார்த்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு சராசரிக் கோளாறு ஒரு ஆளிடம் தலைகாட்ட 31 சதவீத வாய்ப்பு இருந்தது. அப்படியென்றால் ஒருவரிடம் அது தெரியாமல் போக 69 சதவீத வாய்ப்பு. ஐந்து பேரிடமும் தெரியாமலே போக வேண்டுமானால் 0.69-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், வருவது 0.16-க்குக் கொஞ்சம் கீழே. ஆக, ஐந்து பேரில் ஒருவரிடமாவது அது மாட்டிக்கொள்ள ஏறக்குறைய 85 சதவீத வாய்ப்பு. 2000-இல் நீல்சன் இதைச் சுருக்கமாக எழுத, ஐந்து என்பது ஊரெல்லாம் பரவியது.

ஆனால் அந்த 31 சதவீதம் ஒரு சராசரி, அவ்வளவுதான். பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் கோளாறு என்றால் இதே கணக்கில் ஐந்து பேரிடம் அது மாட்டும் வாய்ப்பு 41 சதவீதம்தான். அதாவது பெரும்பாலும் தப்பித்துவிடும். ஐந்து பேரை உட்கார வைத்து எல்லாக் கோளாறையும் பிடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாசல்படியில் எல்லோரும் தடுக்கி விழும் கல் எது என்று பார்க்க ஐந்து பேர் போதும். அந்தக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஐந்து பேரை நடக்கவிட்டால் அடுத்த கல் தெரியும். ஒரே மூச்சில் பதினைந்து பேரை வைத்துப் பார்ப்பதைவிட இப்படி மூன்று சுற்றாகப் பார்க்கச் சொல்வதுதான் நீல்சனின் வாதமும்.

ஐந்து பேரை எங்கே தேடுவது? என் நண்பர்களைக் கூப்பிடவில்லை. எண்ணெய் வாங்காத ஒருவனை எண்ணெய் வாங்கச் சொன்னால் அது நடிப்பு. கடையில் ஒரு நோட்டு இருக்கிறது, போனில் வரும் ஆர்டர்களை எழுதி வைக்கும் நோட்டு. அதைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. பக்கத்தில் பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்டவர்கள் நிறையப் பேர். 'வெப்சைட் பார்த்தேன்' என்று கடைக்காரரின் மகள் ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள். எனக்கு வேண்டிய ஆட்கள் அவர்கள்தான். சரக்கு அவர்களுக்கு வேண்டும், பணம் தரவும் தயார், பக்கம் மட்டும்தான் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. பன்னிரண்டு பேருக்குக் கூப்பிட்டு ஐந்து பேர் கிடைத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு பெண், வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு அக்கா, பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. ஆளுக்கு அரைமணி நேரம். போகும்போது ஒரு லிட்டர் நல்லெண்ணெய் தருவோம், பக்கத்தைத் திட்டினாலும் தருவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வேலையைச் சொல்வது எப்படி

முதலில் நான் எழுதிவைத்த வேலை இப்படி இருந்தது: "5 லிட்டர் கடலை எண்ணெயைத் தேர்வு செய்து கூடையில் சேர்த்து, முகவரி கொடுத்து ஆர்டர் செய்யவும்." படித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் சொற்களையே வரிசையாக அடுக்கி, வழியையும் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதைக் கையில் கொடுத்தால் அவர்கள் சொல்லைத் தேடித் தட்டுவார்கள், எண்ணெய் வாங்க மாட்டார்கள். கிழித்துப் போட்டுவிட்டு இப்படி மாற்றினேன்: "வீட்டில் கடலை எண்ணெய் தீரப்போகிறது. அடுத்த மாதத்துக்கு வேண்டியதை வாங்குங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்." எவ்வளவு வாங்குவது என்பது அவர்கள் பாடு. வெள்ளிக்கிழமை என்று வைத்ததற்குக் காரணம், டெலிவரி என்றைக்கு வரும் என்று பக்கத்தில் எங்கே தேடுகிறார்கள் என்று பார்க்க.

அவரவர் போனில்தான் செய்ய வேண்டும். என் போனைக் கொடுத்தால் விசைப்பலகை வேறு, எழுத்தின் அளவு வேறு, பிடிக்கும் விதமே வேறாகிவிடும். மேலிருந்து திரையையும் விரலையும் சேர்த்துப் பிடிக்க இன்னொரு போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டிவைத்தேன். படம் பிடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டேன், முகம் வராது, வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன் என்றும் சொன்னேன். பணம் கட்டும் பக்கம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது கண்டிப்பு. யாருடைய யுபிஐ பின்னும் என் படத்தில் விழக்கூடாது. உண்மையான பக்கத்தின் நகல் ஒன்றை வேறு முகவரியில் வைத்து அதில்தான் செய்யச் சொன்னேன், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போலி ஆர்டர்கள் வந்து குவிந்திருக்கும்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று கேட்பது இந்தச் சோதனைகளில் வழக்கம். நம்மூரில் அப்படிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். "கடையில் வீட்டுக்காரரோடு பொருள் எடுக்கும்போது பேசிக்கொண்டே எடுப்பீர்களே, அது மாதிரி" என்று சொன்ன பிறகு ஓரளவு வந்தது. வராதவர்களை நான் வற்புறுத்தவில்லை. விரல் பேசுவதே போதும்.

வாயை மூடிக்கொண்டு இருப்பது

முதல் ஆள் ஆசிரியர். அவரிடம் நான் சொதப்பினேன். பொருளைத் தேர்ந்தெடுத்தார், 'Add to Cart' பொத்தானைத் தட்டினார், கொஞ்சம் நின்றார், புருவத்தைச் சுருக்கினார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது, என்னால் தாங்க முடியவில்லை. "மேலே பாருங்க சார், வலது பக்கம் கூடை இருக்கு" என்று சொல்லிவிட்டேன். "ஓ, இங்க இருக்கா" என்று தட்டினார், கூடை திறந்தது, அவரும் நிம்மதி, நானும் நிம்மதி. கடைசியில் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி" என்றார். அந்தப் பேச்சை அப்படியே குறித்துக்கொண்டேன். ஒரு மண்ணுக்கும் உதவாத குறிப்பு. நேரில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் செய்த வேலையை மோசம் என்று சொல்ல நம்மில் யாருக்கு மனசு வரும்?

அடுத்து பனியன் கம்பெனிப் பெண். அவள் வேகமான ஆள், விறுவிறு என்று போனாள். கூடையில் இரண்டு என்று இருந்ததைப் பார்த்தாள், "ஏன் ரெண்டு வந்துச்சு" என்று முணுமுணுத்தபடி ஒன்றாகக் குறைத்துவிட்டு நகர்ந்தாள். விரல் பட்டிருக்கும் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். கூப்பன் பெட்டியில் மட்டும் நின்று, "கோடு எதாவது இருக்கா அண்ணா?" என்று கேட்டாள். "வீட்டில் தனியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். இந்த ஒரு கேள்வியை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போயிருந்தேன். "கூகுள்ல தேடுவேன், இல்லைன்னா அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டுடுவேன்" என்றாள். அந்தப் பெட்டியை வைத்தவன் நான்தான்.

மூன்றாவது, இட்லி மாவு அக்கா. கடைக்காரரும் அன்று பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி, கையில் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்திருந்தேன். அக்காவின் போனில் எழுத்து பெரிதாக வைக்கப்பட்டிருந்தது, அதனால் ஒரு திரைக்குக் கொஞ்சம்தான் தெரியும். எண்ணெய்ப் படம், அதன் கீழே செக்கின் பெருமை பற்றி நான் எழுதிய நீளமான பத்தி, அதற்கும் கீழே அளவு, அதற்கும் கீழே பொத்தான். உருட்டிக்கொண்டே வந்தார். ஐந்து லிட்டரைத் தேர்ந்தெடுத்தார். "மாவு ஏவாரத்துக்கும் சேர்த்துங்க" என்று சொல்லிக்கொண்டார். பொத்தானைத் தட்டினார்.

திரையில் ஒன்றும் நடக்கவில்லை.

மூன்று விநாடி இருக்கும். மறுபடி தட்டினார், இந்த முறை கொஞ்சம் அழுத்தி. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை தட்டினார். பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது, கடைக்காரர் எழப் பார்க்கிறார். நான் திரும்பாமல் கையை மட்டும் காட்டினேன். அக்கா மேலே உருட்டினார், கீழே உருட்டினார், கடைசியில் உச்சிக்குப் போய்க் கூடைப் படத்தைப் பார்த்துத் தட்டினார். கூடை திறந்தது. 4,200 ரூபாய். ஒரு கேன் 1,400. பக்கத்தில் சின்னப் பெட்டிக்குள் 3 என்று இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. தொகையை மட்டும் பார்த்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "விலை கூடிப் போச்சாட்ட இருக்குதுங்க. நான் போன்லயே சொல்லிக்கறனுங்க."

நான் திரும்பிக் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை, 'விலை', வாடிக்கையாளர் வாயிலிருந்தே வந்திருக்கிறது. ஐநூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பியிருந்தாலும் இந்த அக்கா இதைத்தான் எழுதி அனுப்பியிருப்பார். அதில் பொய்யும் இல்லை, அவர் கண்ணுக்குத் தெரிந்த விலை அதுதான். எழுதியிருக்க முடியாதது அந்த மூன்று தட்டல். தான் மூன்று முறை தட்டியதே அவருக்கு ஞாபகம் இல்லை. பிறகு கேட்டபோது, "ஒருக்காத்தானுங்க அமுக்குனேன்" என்றார்.

அன்று ராத்திரி முதல் இரண்டு படங்களையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆசிரியர் புருவத்தைச் சுருக்கிய இடத்தில், நான் வாயைத் திறப்பதற்குச் சற்று முன்னால், அவர் விரல் இரண்டாவது முறை தட்டுகிறது. என் குரல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கூடை திறந்ததும் 2 என்று தெளிவாகத் தெரிகிறது, நாங்கள் இருவருமே கவனிக்காமல் தாண்டிப் போகிறோம். பனியன் கம்பெனிப் பெண்ணின் இரண்டும் விரல் பட்ட இரண்டு இல்லை.

காரணம் எளிது. 'கூடையில் சேர்ந்தது' என்ற செய்தி பக்கத்தின் உச்சியில் ஒரு பச்சைப் பட்டையாக வந்து சில விநாடிகளில் மறையும், நான் வாங்கிய ரெடிமேட் டிசைனில் அப்படித்தான் இருந்தது. கணினியில் பொத்தானும் உச்சியும் ஒரே திரையில் இருப்பதால் பட்டை கண்ணில் படும். போனில் பொத்தானுக்கு வருவதற்குள் இரண்டு மூன்று திரை கீழே வந்திருப்போம், பட்டை ஆளில்லாத இடத்தில் வந்து போகும். கூடை எண்ணும் அங்கேதான் மாறும். நான் போனில் சோதிக்காதவன் இல்லை. ஆனால் தட்டியதும் என் விரல் தானாக மேலே போய்விடும், கூடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே.

இது மூன்று பேரின் கதை மட்டும்தானா என்று பார்க்க சர்வர் பதிவைத் திறந்தேன். ஒரே ஆள், ஒரே பொருள், ஐந்து விநாடிக்குள் மறுபடி சேர்த்திருக்கிறாரா என்று மட்டும் தேடினேன். வாங்காமல் போன பெரிய கூடைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் பெரிதாகியிருந்தன. என்ன தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு பத்து நிமிட வேலை. தெரியாத வரைக்கும் அந்தப் பதிவு அங்கேயேதான் கிடந்தது.

சீட்டுகளைப் பிரித்தல்

பேங்க் தம்பி ஒரு முறைதான் தட்டினார், காத்திருந்தார், மேலே போய்ப் பார்த்தார், சரியாக வாங்கினார். ஆனால் முகவரியில் மாட்டினார். நம் ஊர் வழக்கப்படி அவருக்குப் பெயரும் ஓர் இனிஷியலும்தான். 'Last Name' கட்டத்தில் இனிஷியலைப் போட்டார், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பாக வந்தது. புள்ளி வைத்துப் பார்த்தார், ஏற்கவில்லை. கடைசியில் அப்பா பெயரை முழுசாக அடித்தார். "எங்க வீட்டுக்கு அப்பா பேர்ல பார்சல் வந்தா, அவர்கிட்டப் போய்ச் சேரும், அவர் திருப்பி அனுப்பிடுவார்" என்று சிரித்தார். மாநிலம் கேட்கும் இடத்தில் மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களுமாக 36 பெயர் அந்தமானில் தொடங்கி விரிந்தது. தமிழ்நாடு வர அவர் விரல் நான்கு முறை இழுத்தது.

அரைமணிக்கு ஒருமுறை எழுதியதை எல்லாம் சேர்த்தால் நாற்பதுக்கு மேல் குறிப்பு. ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன். கை என்ன செய்தது, வாய் என்ன சொன்னது, இந்த இரண்டு மட்டும்தான் சீட்டில் இருக்கலாம். 'குழம்பினார்' என்று ஒரு சீட்டு இருந்தது, அதைக் கிழித்தேன், அது என் ஊகம். 'பொத்தானைப் பெரிதாக்க வேண்டும்' என்று கடைக்காரர் எழுதிய சீட்டையும் தள்ளி வைத்தேன், அது தீர்வு. இந்த வித்தியாசத்துக்காக அவரோடு கொஞ்சம் வாக்குவாதமே வந்தது. பொத்தான் ஏற்கெனவே திரை அகலத்துக்கு இருக்கிறது, அக்கா அதை மூன்று முறை சரியாகத் தட்டினார், அப்புறம் பெரிதாக்கி என்ன ஆகப்போகிறது? அவர் கண்டது உண்மை, எழுதியதுதான் தப்பு. 'தட்டினார், மூன்று விநாடி பார்த்தார், மறுபடி தட்டினார்' என்று எழுதினால், குறை பொத்தான் இருக்கும் இடத்தில் இல்லை, தட்டிய பிறகு வரவேண்டிய பதிலில்தான் இருக்கிறது என்பது தானே தெரிந்துவிடும்.

பிறகு சீட்டுகளைப் பக்கத்தின் வரிசையிலேயே தரையில் பரப்பினோம். பொருள், கூடை, முகவரி, பணம். ஒவ்வொரு குவியலுக்கும் இரண்டு கேள்வி: எத்தனை பேர், அவர்கள் நின்றுவிட்டார்களா அல்லது தாண்டிப் போனார்களா. மூன்று பேர் என்பதை அறுபது சதவீதம் என்று எழுத எனக்கும் கை அரிக்கும். ஐந்து பேரிடம் சதவீதம் போட்டால் அது பொய்க்கணக்கு. ஒரே ஒருவருக்கு நடந்ததாக இருந்தாலும், அது அவரை நிறுத்தி மாற்று வழி தேட வைத்தது, காரணமும் நம் கண்முன் தெளிவாக இருக்கிறது என்றால் திருத்த வேண்டியதுதான். இனிஷியல் சமாச்சாரம் அப்படிப்பட்டது. மாறாக, பச்சை நிறம் பிடிக்கவில்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்தப் பச்சையால் அவர்கள் விரல் எங்கேயும் நிற்கவில்லை. அந்தச் சீட்டுகள் அப்படியே கிடக்கின்றன.

திருத்தங்களில் ஒரு பிடிவாதம் வைத்துக்கொண்டேன். எதையும் புதிதாகச் சேர்ப்பதற்கு முன்னால், எடுத்துவிட்டால் சரியாகுமா என்று பார்ப்பது. கூப்பன் பெட்டியை எடுத்தோம். செக்கின் பெருமையைப் பொத்தானுக்குக் கீழே தள்ளினோம். மாநிலப் பட்டியலை எடுத்துவிட்டோம். பின்கோடு தெரிந்தால் பெரும்பாலும் மாநிலம் தெரிந்துவிடும், அதை ஏன் ஆளிடம் கேட்க வேண்டும்? இரண்டு பெயர்க் கட்டங்களை ஒன்றாக்கினோம். அந்த இடம் இப்போது இப்படித்தான் இருக்கிறது:

```html
<label for="peyar">பெயர், இனிஷியலுடன்</label>
<input id="peyar" name="name" autocomplete="name" required>

<label for="pin">பின்கோடு</label>
<input id="pin" name="pin" inputmode="numeric"
       autocomplete="postal-code" maxlength="6" required>
```

பெயருக்குக் குறைந்தபட்ச எழுத்துக் கணக்கு கிடையாது. பின்கோட்டைத் தொட்டால் எண் பலகை மட்டும் மேலே வரும். முன்பே சேமித்த முகவரி இருந்தால் பிரவுசரே நிரப்ப முன்வரும். இதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை, ஆனால் அந்தப் பழைய இரண்டு கட்டங்கள் ஒன்றரை வருடம் என் பக்கத்தில் இருந்தன. என் பெயருக்கும் ஓர் இனிஷியல்தான்.

முக்கியமான திருத்தம் பொத்தானில். தட்டிய இடத்திலேயே பதில் வர வேண்டும், வேறெங்கும் வரக்கூடாது. தட்டியதும் அதே இடம் 'கூடையில் 1' என்று மாறும், இரு பக்கமும் கழித்தல், கூட்டல் குறிகள். கீழே 'கூடைக்குப் போக' என்று ஒரு வரி. சர்வரிலிருந்து பதில் வரும் வரை இரண்டாவது தட்டலை ஏற்காது. கூடைப் பக்கத்தில் '5 லிட்டர் கேன் × 3' என்பதைத் தொகைக்கு மேலே, தொகையின் அளவு எழுத்திலேயே போட்டோம். மொத்த வேலை ஒன்றரை நாள்.

இரண்டாவது சுற்று

ஒரு மாதம் கழித்து வேறு ஐந்து பேர். பழைய ஆட்களைக் கூப்பிட்டால் அவர்களுக்கு வழி தெரிந்திருக்கும். யாரும் இரண்டாவது முறை தட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை. நான்காவது ஆள் அதை உடைத்தார். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சேர்த்தார், 'கூடையில் 1' என்று வந்தது. அந்தக் கழித்தல் குறியைச் சிறிது நேரம் பார்த்தார், "இதை மூடிடலாமா" என்று தட்டினார். எண்ணெய் கூடையிலிருந்து போய்விட்டது, பழைய பொத்தான் திரும்பி வந்தது. மறுபடி சேர்த்தார், மறுபடி கழித்தலைத் தட்டினார். இரட்டைத் தட்டலைத் தீர்க்க நான் வைத்த மருந்து இன்னொரு நோயைக் கொண்டுவந்திருந்தது. எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்போது கழித்தல் குறிக்குப் பதிலாக 'நீக்கு' என்று எழுத்தில் போட்டேன். அது சரியாகிவிட்டதா என்று அடுத்த சுற்றில்தான் தெரியும்.

வாங்காமல் போகும் கூடைகள் குறைந்திருக்கின்றன. வாராந்திரப் பட்டியலில் பதினைந்து லிட்டர்க்காரர்கள் அபூர்வம். ஆனால் எல்லாமே பக்கத்தின் கோளாறு இல்லை என்பதை முதல் சுற்றின் ஐந்தாவது ஆள், அந்த அம்மா, காட்டினார். அவர் எங்கேயும் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார், ஒரே தட்டல், மேலே போய்க் கூடையைத் திறந்தார், கணக்கும் சரியாக இருந்தது. அங்கே போனை மேசைமேல் வைத்துவிட்டார். "இனி என்ன செய்வீங்கம்மா?" என்றேன். "கடைக்குப் போன் பண்ணுவேன்." ஏன் என்றேன். "எண்ணெய் எப்ப ஆட்டுனதுன்னு இதுல போடலையே தம்பி. அது தெரியாம எப்படி வாங்கறது?"

கடையில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஆட்டிய தேதியை அவர் சாக்பீஸால் அதில் எழுதிவைப்பார், எத்தனையோ தடவை அதன் எதிரே நின்று டீ குடித்திருக்கிறேன். இப்போது பக்கத்தில் எண்ணெய்ப் பெயருக்குக் கீழேயே 'ஆட்டிய நாள்' என்று ஒரு வரி. தேதியை மாற்ற வேண்டியது கடைக்காரர், அதற்கு அவர் போனில் ஒரே ஒரு கட்டம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் அந்த அம்மா கடைக்குப் போன் செய்தாராம். ஆர்டர் சொல்வதற்கு இல்லை. தேதி போன செவ்வாய்க்கிழமையதாகவே இருக்கிறதே, இந்த வாரம் செக்கு ஓடவில்லையா என்று கேட்பதற்கு.